தர்க்கப் படலைப் படத்தை வரிகளாக எழுதி உண்மை அட்டவணை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பின்னேர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் படம் வரத் தொடங்கும். கொப்பியில் வரைந்த படலைச் சுற்று, பாதி நிழல், மீதி விரல். கீழே "சேர், இதுக்கு Y என்ன வரும்?" என்று ஒரு வரி. "படத்தை வரியா எழுதி அனுப்புங்க" என்பதுதான் என் வழக்கமான பதில். உடனே கேள்விகள் தொடங்கிவிடும். சாதாரண தரப் பிள்ளைகளும் உயர்தரப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் அவற்றை இங்கே சேர்த்துவிட்டேன். படலைகளின் பெயரை வினாத்தாளில் வருவதுபோல AND, OR, NOT என்றே எழுதுகிறேன்.

"படத்தை வரியா எழுதுற எண்டா என்ன சேர்?"

ஒரு படலைக்கு ஒரு வரி. அந்த வரியில் மூன்று விசயம் இருக்க வேண்டும்: படலையின் பெயர், அதன் வகை, அதற்குள் போகும் கோடுகள். படலையின் பெயரே அதிலிருந்து வெளியே வரும் கோட்டுக்கும் பெயர். அதனால் வெளியீட்டுக்குத் தனியாக இன்னொரு பெயர் தேவையில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம், கடைசிவரை இதையே வைத்துப் பேசலாம். இடது பக்கம் மேலிருந்து கீழாக A, B, C. A ஒரு NOT வழியாகப் போய் AND இன் மேல் காலில் ஏறுகிறது. B நேராகப் போய் அதே AND இன் கீழ்க் காலில் ஏறுகிறது. போகிற வழியில் B இலிருந்து ஒரு கிளை கீழே இறங்கி, C இன் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், NOR இன் கீழ்க் காலில் சேருகிறது. NOR இன் மேல் காலில் C. AND உம் NOR உம் ஒரு OR இல் போய் முடிகின்றன. அந்த OR இன் வெளியீடுதான் Y.

```
G1 = NOT(A)
G2 = AND(G1, B)
G3 = NOR(C, B)
Y  = OR(G2, G3)
```

அவ்வளவுதான். இந்த நாலு வரி கையில் இருந்தால் படத்தைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

"நேரா அட்டவணையைப் போட்டா என்ன? இது ரெண்டு வேலைதானே?"

இரண்டு படலை என்றால் நேராகவே போடுங்கள், நானும் அப்படித்தான் செய்வேன். நாலைந்து படலை வந்தால், ஒவ்வொரு நிரைக்கும் கோட்டைக் கண்ணால் தொடரும் வேலையும் 0, 1 கணக்குப் பார்க்கும் வேலையும் ஒன்றாகச் சேர்கின்றன. எட்டு நிரை என்றால் ஒரே கோட்டை எட்டுத் தரம் தொடர வேண்டும். ஆறாவது தரம் கண் வேறு கோட்டில் ஏறிவிடும். வரியாக எழுதினால் கோட்டை ஒரு தரம் தொடர்ந்தால் போதும்.

விடை பிழைத்தாலும் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம். வரி பிழையா, கணக்குப் பிழையா என்று பிரித்துப் பார்க்க இடம் இருக்கும். வெறும் Y நிரலை மட்டும் எனக்கு அனுப்பினால் "பிழை" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது.

"எதுக்கு முதல் G1 எண்டு பேர் வைக்கிற? மேல இருக்கிறதுக்கா, இடப்பக்கம் இருக்கிறதுக்கா?"

இடமும் உயரமும் முக்கியமில்லை. ஒரு படலையின் எல்லாக் கால்களிலும் ஏற்கெனவே பெயருள்ள கோடு வந்தால் மட்டும் அதற்குப் பெயர் வையுங்கள். தொடக்கத்தில் பெயர் உள்ளவை A, B, C மட்டும். NOT இன் ஒரே காலில் A வருவதால் அதற்குப் பெயர் வைக்கலாம். NOR இன் இரு கால்களிலும் C, B வருவதால் அதற்கும் வைக்கலாம். AND இன் மேல் காலில் NOT இலிருந்து வரும் கோடு இருப்பதால், NOT க்குப் பெயர் கிடைக்கும்வரை அது காத்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் எந்த வரியிலும் அடைப்புக்குள் இருக்கும் எண், இடப்பக்கத்து எண்ணைவிடச் சிறியதாகத்தான் வரும். `G2 = AND(G4, B)` என்று எழுதியிருந்தால் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று அர்த்தம். எண்களை மாற்றி எழுதுங்கள். மேலே உள்ள படத்தில் NOR க்கு G1 என்று பெயர் வைத்துத் தொடங்கியிருந்தாலும் சரிதான், கடைசியில் Y மாறாது.

"படத்துல A மூண்டு இடத்துல எழுதியிருக்கு. அப்ப நிரை எத்தனை?"

எத்தனை இடத்தில் எழுதியிருந்தாலும் A ஒன்றுதான். கோட்டை நீட்டி இழுத்தால் படம் சிக்கலாகும் என்று வரைந்தவர் அந்தந்த இடத்திலேயே பெயரை எழுதிவிட்டார். வெளியிலிருந்து வரும் வேறு வேறு பெயர்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு என்றால் 4 நிரை, மூன்று என்றால் 8, நாலு என்றால் 16. படலைகளின் எண்ணிக்கைக்கும் நிரைக்கும் சம்பந்தமில்லை. படலை கூடினால் நிரல்தான் கூடும்.

"கோடும் கோடும் வெட்டுது. சேர்ந்திருக்கா, சும்மா தாண்டிப் போகுதா?"

நாலு பக்கமும் கோடு போகும் வெட்டில் கறுப்புப் புள்ளி இருந்தால் சேர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் தாண்டிப் போகிறது. ஒரு கோடு இன்னொன்றில் வந்து முட்டி நின்றால், புள்ளி போட மறந்திருந்தாலும் அது சேர்ந்ததுதான். முட்டி நிற்கும் கோட்டுக்கு வேறு போக்கிடம் இல்லையே.

இது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் புள்ளியையே நம்ப ஏலாத படங்கள் வரும். ஒரு பிள்ளை மேலே சொன்ன படத்தை அனுப்பியபோது, B இன் கிளை C ஐ வெட்டும் இடத்தில் நல்ல கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. அந்தப் பிள்ளை அதை நம்பி B உம் C உம் ஒன்று என்று வைத்து, மூன்று உள்ளீட்டை இரண்டாக்கி, நாலு நிரையில் அட்டவணையை முடித்திருந்தது. அடுத்த நாள் கொப்பியை வாங்கித் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பேனையை அழுத்தி வைத்த முற்றுப்புள்ளி ஒன்று இந்தப் பக்கம் ஊறியிருந்தது.

தாளைத் திருப்பாமலே இதைப் பிடிக்கலாம். ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு ஊற்றுத்தான் இருக்கலாம். ஒன்று வெளி உள்ளீடு, அல்லது ஒரு படலையின் வெளியீடு. அந்தப் புள்ளி உண்மையானால் ஒரே கோட்டில் B உம் C உம் வந்து விழுகின்றன. B = 1, C = 0 என்றால் அந்தக் கோட்டில் இருப்பது என்ன? பதில் இல்லை. ஆகவே அது புள்ளி இல்லை, மை.

எதிர்ப்பக்கத்திலும் இதே விதி உதவும். இருக்க வேண்டிய கோடோ புள்ளியோ போட்டோப் பிரதியில் அழிந்துபோனால், ஏதோ ஒரு படலையின் கால் ஊற்றே இல்லாமல் வெறுமையாக நிற்கும். வெறுங்கால் ஒன்றைக் கண்டால் அதில் 0 என்று போட்டுக்கொண்டு போகாதீர்கள். காணாமல் போன கோட்டைத் தேடுங்கள்.

"எழுதின வரி சரியா எண்டு அட்டவணை போட முதலே பார்க்க ஏலுமா?"

முழுக்க ஏலாது, ஆனால் விடுபட்ட கோட்டைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. படத்தில் எல்லாப் படலைகளின் உள்ளீட்டுக் கால்களையும் எண்ணுங்கள். நம் படத்தில் NOT க்கு 1, AND க்கு 2, NOR க்கு 2, OR க்கு 2, ஆக 7. இப்போது வரிகளுக்கு வந்து, அடைப்புக்குள் ஒவ்வொரு பெயரும் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுங்கள். A ஒரு தரம், B இரண்டு தரம், C, G1, G2, G3 ஒவ்வொரு தரம். அதுவும் 7.

அப்புறம் ஒவ்வொரு பெயரையும் படத்தோடு பொருத்துங்கள். B இரண்டு தரம் என்றால் படத்தில் B இன் கோடு ஒரு இடத்தில் கிளை விட்டிருக்க வேண்டும். கிளை இருக்கிறது, சரி. G2 என்று பெயர் வைத்துவிட்டு அது எந்த அடைப்புக்குள்ளும் வரவில்லை, வெளியீடும் இல்லை என்றால் ஒரு கோட்டை விட்டுவிட்டீர்கள். இந்தக் கணக்கால் பிடிக்க முடியாத பிழை படலையின் வகை. NOR ஐ OR என்று எழுதினாலும் 7 அப்படியே 7 தான்.

"வரி எழுதியாச்சு. இனி அட்டவணையை நிரப்புறது எப்படி?"

வரிக்கு ஒரு நிரல். உள்ளீடுகளுக்கு 000 இலிருந்து 111 வரை ஒழுங்காக எழுதிவிட்டு, நிரல் நிரலாக மேலிருந்து கீழே நிரப்புங்கள். நிரை நிரையாகக் குறுக்கே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் படலை மாறும், மூளையும் அதோடு மாற வேண்டும். நிரலாகப் போனால் "இப்போது NOR மட்டும்" என்று எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

```
A B C | G1 G2 G3 | Y
0 0 0 |  1  0  1 | 1
0 0 1 |  1  0  0 | 0
0 1 0 |  1  1  0 | 1
0 1 1 |  1  1  0 | 1
1 0 0 |  0  0  1 | 1
1 0 1 |  0  0  0 | 0
1 1 0 |  0  0  0 | 0
1 1 1 |  0  0  0 | 0
```

G3 ஐ நிரப்பும்போது எட்டு நிரையையும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. B உம் C உம் இரண்டும் 0 ஆக இருக்கும் நிரைகளில் மட்டும் NOR க்கு 1 வரும். அவை முதலாவதும் ஐந்தாவதும். அங்கே 1 போட்டு மற்றதெல்லாம் 0. G2 க்கும் அப்படியே: G1 உம் B உம் 1 ஆக இருக்கும் இடத்தைத் தேடினால் மூன்றாவதும் நாலாவதும்தான்.

"அந்தச் சின்ன வட்டத்தைக் கவனிக்கல்ல. ஒரு வட்டத்துக்கு அவ்வளவு வித்தியாசம் வருமா?"

நம் படத்தில் NOR இன் மூக்கில் இருக்கும் வட்டத்தை விட்டுவிட்டு `G3 = OR(C, B)` என்று எழுதிப் பாருங்கள். Y நிரல் மேலிருந்து கீழாக 1, 0, 1, 1, 1, 0, 0, 0 ஆக இருந்தது இப்போது 0, 1, 1, 1, 0, 1, 1, 1 ஆகிவிடும். எட்டில் ஆறு மாறிவிட்டது. முன்பு சொன்ன கால் கணக்கு இதைப் பிடிக்காது என்பதால், வரிகளை எழுதி முடித்ததும் வட்டங்களை மட்டும் தனியாக ஒரு தரம் எண்ணுங்கள். நம் படத்தில் வட்டம் இரண்டு, NOT இலும் NOR இலும்.

சில படங்களில் வட்டம் உள்ளே போகும் காலில் ஒட்டியிருக்கும். அதைக் குட்டி NOT என்று வைத்து அதற்கும் ஒரு வரி கொடுங்கள். AND இன் மேல் காலில் வட்டமும் அதில் A உம் வந்தால், முதலில் `G1 = NOT(A)`, பிறகு `G2 = AND(G1, B)`. பார்த்தீர்களா, நம் முதல் படத்தின் வரிகளேதான். NOT ஐ முக்கோணமாக வரைந்தாலும் காலில் வட்டமாக வரைந்தாலும் வரி ஒன்றுதான். அந்த வட்டம் அந்தக் காலை மட்டும்தான் மாற்றும். அதே A வேறு படலைக்குப் போனால் அங்கே A ஆகவே போகும்.

"நாலும் NAND, எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. எது எதுக்குப் போகுது எண்டே விளங்கல்ல."

இந்தப் படம் அடிக்கடி வரும், பார்த்தவுடன் பிள்ளைகள் பயப்படுவார்கள். வகையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாததால் உண்மையில் இது சுலபம். பெயர் வைக்கும் விதியை மட்டும் பிடியுங்கள். A, B இரண்டும் நேராகப் போகும் NAND ஒன்றுதான் இருக்கும், அது G1. அதன் கோடு மேலும் கீழுமாகப் பிரிகிறது. மேலே A உடன் சேருவது G2, கீழே B உடன் சேருவது G3.

```
G1 = NAND(A, B)
G2 = NAND(A, G1)
G3 = NAND(G1, B)
Y  = NAND(G2, G3)
```

கால் எட்டு. A, B, G1 இரண்டிரண்டு தரம், G2, G3 ஒவ்வொரு தரம், அதுவும் எட்டு. நிரப்பினால் Y க்கு 0, 1, 1, 0 வரும். அதாவது நாலு NAND சேர்ந்து ஒரு XOR ஆகிவிட்டது. வேறு ஏதாவது வந்தால் பெரும்பாலும் G1 இன் ஒரு கிளையை விட்டிருப்பீர்கள்.

"மூண்டு கால் NAND வந்தா அதை ரெண்டு NAND ஆப் பிரிச்சு எழுதலாமா?"

AND, OR க்குப் பிரிக்கலாம். NAND, NOR க்கு அப்படிப் பிரிக்கக் கூடாது. `NAND(A, B, C)` இல் மூன்றும் 1 ஆனால்தான் 0 வரும். `NAND(NAND(A, B), C)` இல் 111 போட்டுப் பாருங்கள்: உள்ளே 0, பிறகு NAND(0, 1), விடை 1. பிழைத்துவிட்டது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் முதலாவதை AND ஆக எழுதி, `NAND(AND(A, B), C)` என்று கடைசியில் மட்டும் வட்டத்தை வையுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் மூன்று பெயரையும் ஒரே அடைப்புக்குள் எழுதிவிடலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

"வெளியீடு ரெண்டு இருந்தா அட்டவணையும் ரெண்டா?"

ஒன்றுதான், வெளியீட்டு நிரல் இரண்டு. இரண்டு பிற்றைக் கூட்டும் சுற்றில் `S = XOR(A, B)`, `K = AND(A, B)` என்று இரண்டே வரி வரும். மிகுதிக்கு C என்று பெயர் வைக்கும் பழக்கம் உண்டு. மூன்றாவது உள்ளீடும் C என்றால் குழம்பும், அதனால் நான் K போடுவேன்.

"இதில வளைஞ்ச படமே இல்ல, எல்லாம் சதுரப் பெட்டி. உள்ள & எண்டு கிடக்கு."

அதுவும் படலைதான், வேறு வரைமுறை. பெட்டிக்குள் `&` என்றால் AND, `≥1` என்றால் OR, `=1` என்றால் XOR, வெறும் `1` உம் வெளியே வட்டமும் என்றால் NOT. வெளியே வட்டம் இருந்தால் வட்டக் கேள்வியில் சொன்னதுதான் இங்கும்: `≥1` உடன் வட்டம் என்றால் NOR. எழுதும் வரிகள் ஒரு எழுத்தும் மாறாது.

"வரியை அப்படியே பைதன்ல போட்டன், -1, -2 எண்டு வருது சேர்."

உயர்தரப் பிள்ளைகள் கேட்பது. NOT க்கு `~` போட்டிருப்பீர்கள். பைதனில் `~` ஒரு பிற்றை மட்டும் புரட்டாது, முழு எண்ணையும் புரட்டும். அதனால் `~0` என்றால் -1, `~1` என்றால் -2. நம் சுற்றில் 1 வர வேண்டிய இடத்தில் -1 உம், 0 வர வேண்டிய இடத்தில் -2 உம் வரும். அதைக் கண்டு "சரி, விளங்குது" என்று விட்டுவிடாதீர்கள். பிறகு `if Y:` என்று எழுதினால் -2 ஐயும் பைதன் உண்மை என்றே எடுக்கும். NOT க்கு `1 -` போடுங்கள்.

```
for A in (0, 1):
    for B in (0, 1):
        for C in (0, 1):
            G1 = 1 - A
            G2 = G1 & B
            G3 = 1 - (C | B)
            Y = G2 | G3
            print(A, B, C, Y)
```

G3 இல் அடைப்பை விட்டால் `1 - C | B` ஆகிவிடும். கழித்தல் முதலில் நடந்து, NOT என்பது C க்கு மட்டும் போய்விடும். கையால் கோவை எழுதும்போதும் இதே பிழை வரும்: மேற்கோடு B + C முழுவதற்கும் மேல் இருக்க வேண்டும், ஒன்றன் மேல் மட்டும் இல்லை. இன்னொன்று, படத்தைப் பிழையாக வாசித்து எழுதிய வரிகளைப் பைதன் திருத்தாது. அது உங்கள் கணக்கை மட்டும்தான் சரிபார்க்கும்.

"எந்தப் படலைக்கும் முதல் பேர் வைக்க ஏலாமக் கிடக்கு. வெளிய வந்த கோடு திரும்ப உள்ள போகுது."

அப்படியானால் நீங்கள் பிழை விடவில்லை, படமே வேறு வகை. இரண்டு NOR ஐக் குறுக்கே பிணைத்த படம் அது. எழுதினால் இப்படி வரும்:

```
Q = NOR(R, P)
P = NOR(S, Q)
```

Q க்கு P வேண்டும், P க்கு Q வேண்டும். எப்படி எண் கொடுத்தாலும் அடைப்புக்குள் பெரிய எண் வந்துவிடும். இது லாட்ச், ஒரு பிற்றை நினைவில் வைத்திருக்கும் சுற்று. S = 1, R = 0 என்றால் P கட்டாயம் 0, அதனால் Q = 1. R = 1, S = 0 என்றால் Q கட்டாயம் 0, P = 1. இந்த இரண்டு நிரைக்கும் வரியிலிருந்தே விடை வருகிறது. S உம் R உம் 0 என்றால் Q ஐ 0 என்று வைத்தாலும் பொருந்துகிறது, 1 என்று வைத்தாலும் பொருந்துகிறது. உள்ளீட்டை மட்டும் பார்த்து அங்கே எதை எழுதுவது என்று தீர்மானிக்க ஏலாது.

அதனால் "முன்பு இருந்த Q" என்று ஒரு நிரலை உள்ளீட்டுப் பக்கம் சேர்த்து, எட்டு நிரையில் போடுங்கள். S = R = 0 ஆன இரண்டு நிரையிலும் புதிய Q பழைய Q ஆகவே நிற்கும். S = R = 1 என்றால் Q, P இரண்டும் 0 ஆகிவிடும். ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டியவை ஒன்றாகிவிடுவதால்தான் அந்த நிரையைப் பாவிக்கக் கூடாது என்று உங்கள் கொப்பியில் எழுதியிருக்கும்.